புறநானூறு 112: பாரியின் கதையை எப்போது சொல்வது?

தமிழாசிரியர்களே, ஒரு யோசனை வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 'அற்றைத் திங்கள்' பாடலை எடுக்கிறேன். ஐந்தே அடி. பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். "என்ன தோணுது?" என்று கேட்டால் "சோகம் சார்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால் உரையை ஒதுக்கி வைத்துவிட்டு, பாடலை மட்டும் கரும்பலகையில் எழுதி இருமுறை வாசித்தேன். போன மாத நிலவில் முதலில் தந்தை, அப்புறம் குன்று. இந்த மாத நிலவில் முதலில் குன்று போகிறது, தந்தை கடைசியில்தான் வருகிறார். "ஏன் வரிசை மாறுது?" என்று கேட்டு, பேசாமல் நோட்டில் எழுதச் சொன்னேன். "அப்பா இல்லன்னு சொல்ல வாய் வரல, அதான் தள்ளிப் போடுறாங்க" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். எந்த உரையும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

சிக்கல் இதுதான். பாரி கதையை முதலிலேயே சொன்னால், எல்லோரும் கதையையே விடையாக எழுதுகிறார்கள், பாடலைப் பார்ப்பதே இல்லை. சொல்லாமல் விட்டால் வேந்தர் யார், குன்று யாருடையது என்று தெரியாமல் சிலர் தடுமாறுகிறார்கள். பேசியவர்கள் பாரியின் மகள்கள் என்பதை மட்டும் முன்னால் சொல்லி, மூவேந்தர் முற்றுகையைப் பிறகு சொல்லலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இந்த மாதிரி விடைகளுக்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.