சான்றிதழில் 'ஐயவீச்சு', 'கொடிவழி' சரிவருமா?

செல்வி: அளவுக் கருவி ஒன்றின் காலிபரேஷன் சான்றிதழைத் தமிழாக்குகிறேன். அன்சர்ட்டன்ட்டி, ட்ரேசபிலிட்டி இரண்டிலும் மாட்டிக்கொண்டேன். முதலாவதற்குப் 'பிழை' போதுமா?

முருகேசன்: போதாதும்மா. நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டைதான் ஸ்லிப் கேஜ். 25 மி.மீ. ஸ்லிப் கேஜை வைத்தால் மைக்ரோமீட்டர் 25.002 காட்டுகிறது. அந்த 0.002 பிழை. தெரிந்துவிட்டதால் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 0.002-ஐயே எவ்வளவு நம்புவது? ஸ்லிப் கேஜின் குறை, அறையின் சூடு, திருகும் கை எல்லாம் சேர்ந்து ±0.003, k = 2 என்று சான்றிதழ் சொல்லும். இதைக் கழிக்க வழியில்லை. நான் 'ஐயவீச்சு' என்பேன்.

இளங்கோ: 'ஐயவெல்லை' இன்னும் தெளிவு. உண்மை மதிப்பு அதைத் தாண்டாது என்பதுதானே பொருள்?

முருகேசன்: அதுதான் இல்லை. k = 2 என்றால் ஏறத்தாழ 95%. இருபதில் ஒரு தடவை வெளியே நிற்கலாம். 'எல்லை' என்றால் வேலி போட்டதாகிவிடும்.

ரஹீம்: சொல் எதுவானாலும் சரி, என் சிக்கலைக் கேளுங்கள். ஒரே மைக்ரோமீட்டர். போன ஆண்டு ஒரு ஆய்வகம் பிழை +0.005 என்றது, ±0.004. இந்த ஆண்டு வேறு ஆய்வகம் +0.002, ±0.003. இரண்டில் ஒன்று பொய் என்கிறார் ஆடிட்டர்.

முருகேசன்: மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்றான மைக்ரானில் போடுங்கள் தம்பி. இரண்டுமே k = 2 தானே? வித்தியாசம் 3. ஐயவீச்சுகளின் வர்க்கங்கள் 16, 9; கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. 3-ஐ 5-ஆல் வகுத்தால் 0.6. ஒன்றைத் தாண்டாததால் முரண் என்று சொல்ல முடியாது. அதற்காக இடையில் கருவி தேயவே இல்லை என்றும் ஆகாது.

மீனா: ட்ரேசபிலிட்டிக்கு எங்கள் மிளகு ஏற்றுமதியில் 'தடமறிதல்' என்கிறோம். மூட்டை எந்தத் தோட்டத்தில் கிளம்பியது என்பது.

முருகேசன்: இங்கே கருவி எங்கே போய்வந்தது என்பது கேள்வி இல்லை அக்கா. எண்ணுக்கு வம்சம் உண்டா என்பதுதான். மைக்ரோமீட்டருக்கு ஸ்லிப் கேஜ், அதற்கு ஆய்வகத்தின் மூலக் கேஜ், அதற்கு மேலே என்.பி.எல். எனும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், கடைசியில் ஒளியின் வேகத்தை வைத்து வரையறுத்த மீட்டர். ஒவ்வொரு படிக்கும் ஐயவீச்சு எழுதியிருக்க வேண்டும். கீழே வர வர அது கூடும். ஒரு படி விட்டுப்போனால் வம்சம் அறுந்தது. அதனால் 'கொடிவழி'.

இளங்கோ: கொடிவழி என்றால் குடும்ப வரலாறு நினைவுக்கு வருகிறது. 'அளவுத்தொடர்ச்சி' போதாதா?

முருகேசன்: தொடர்ச்சி என்றால் எதோடு என்ற கேள்வி வரும். கொடிக்கு வேர் உண்டு.

ரஹீம்: என் பழைய சான்றிதழில் 'என்.பி.எல். ட்ரேசபிள்' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. ஸ்லிப் கேஜின் சான்றிதழ் எண்ணோ தேதியோ இல்லை.

முருகேசன்: அப்போது அந்த வரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் போட்ட 0.6 கூட அந்த ±0.004-ஐ நம்பித்தான். எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

செல்வி: ஐயவீச்சு எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு இப்போதைக்கு ட்ரேசபிலிட்டி என்றே விடுகிறேன்; கொடிவழி என்று எழுதினால் ஆடிட்டர் என்ன கேட்பாரோ!