புதுப்பிப்பு: 40 சுற்றில் கோணம் ஏன் வரவில்லை

நான் கேட்டது: "50 செமீ நூலில குண்டு, நிமிசத்துக்கு 40 சுற்று. கோணம் கேட்டா கல்குலேட்டர் Error எண்டுது, ஏன்?"

உப்புவெளியில் ரியூசன் எடுக்கிற அண்ணா விளங்கப்படுத்தினார். நூலைச் சுழலும் அச்சின் நடுவில் கட்டினால் cosθ = g/(Lω²). θ நூல் நிலைக்குத்தோடு ஆக்கும் கோணம், L நூலின் நீளம், ω கோண வேகம், g புவியீர்ப்பு ஆர்முடுகல். 40 சுற்றுக்கு ω = 4.19, போட்டால் cosθ 1.12 வருது. ஒன்றைத் தாண்டினால் கோணமே இல்லை. ஏறத்தாழ 42 சுற்று வரைக்கும் நூல் நேரே தொங்கிக்கொண்டுதான் சுழலும்.

60 சுற்றுக்கு ω = 6.28, cosθ 0.497, கோணம் 60 பாகை. சுற்றுக்காலம் 2π/ω, ஒரு செக்கன். அதுக்குக் கோணம் தேவையே இல்லை.

"வேகம் கூட்டக் கூட்ட விரியும், கடைசியில 90" என்று ஒரு தம்பி சொன்னது பாதி சரி. 90ஐ நெருங்கும், தொடாது. குண்டின் பாரத்தை யார் தாங்குவது?

திருவிழாச் சங்கிலி ராட்டினம் மெல்லச் சுற்றினாலே விரியுதே என்று ஒரு மாமா கேட்டார். அங்கே சங்கிலி அச்சிலிருந்து தள்ளித் தொங்குது, இந்தச் சமன்பாடு பொருந்தாது.

பழைய ஃபேன் மோட்டரில் கட்டிப் பார்த்தேன். 42க்கு முன்னமே கொஞ்சம் விரிஞ்சுது. கட்டிய இடம் நடுவில் இல்லையோ? அண்ணா அதுதான் என்கிறார், எனக்கு இன்னும் சந்தேகம்.