புதுப்பிப்பு: கெட்டிலில் போகாத வெள்ளைப் படிவு

முன்பு கேட்டது: "கிணற்று நீர். சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்க வைத்தும் கெட்டிலில் வெள்ளைத் தூள் மிஞ்சுகிறது. ஏன்?"

காரணத்தைச் சரியாகச் சொன்னவர் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். மிஞ்சுவது பழைய படிவு அல்ல, கால்சியம் சிட்ரேட். சூடு ஏற ஏற அது கரைவது குறையும். ஆகவே கொதிக்க வைப்பதுதான் கெடுக்கிறது. 5 கிராம் படிவுக்கு 7 கிராம் அமிலம் கணக்குப்படி போதும். ஆனாலும் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 25 கிராம் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். மிகுதி அமிலம் சிட்ரேட்டைக் கரைசலிலேயே வைத்திருக்கும். நுரை நின்றும் படிவு தெரிந்தால், கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இப்படிச் செய்ததில் அடித்தட்டு பளிச்சென்று ஆனது.

"கொதிக்கவைத்து வடிகட்டினால் கடினத்தன்மையே போய்விடும்" என்று இன்னொருவர் பதில் எழுதியது பாதி சரி. பைகார்பனேட்டோடு வந்த கால்சியம் மட்டுமே கொதியில் கார்பனேட்டாகப் படியும். சோதனை அறிக்கையில் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு மொத்தக் கடினத்தன்மை 400 மில்லிகிராம், காரத்தன்மை 250 மில்லிகிராம் என்றால், எவ்வளவு கொதித்தாலும் சுமார் 150 தங்கிவிடும். சல்பேட், குளோரைடு உப்புகள் அசையாது.



கொதித்தும் போகாத கடினத்தன்மையை நீக்க ரெசின் மென்மையாக்கி உண்டு; அது நீரிலுள்ள கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். 400 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 184 மில்லிகிராம் சோடியம் கூடும். உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் உள்ள வீட்டில் குடிநீர்க் குழாயை அதிலிருந்து பிரித்துவிடுவதே என் கருத்து. பதில் எழுதியவர்களில் இருவர் இதில் இன்னும் உடன்படவில்லை.