41 வரி எழுதினேன், மூன்று வரியோடு எழுந்தேன்

தொடங்கியவர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. வீடு மாற்றம், அலுவலகத்தில் அரையாண்டு அறிக்கை, அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நின்றன. அறிக்கையைத் திறந்தால் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லவில்லையே என்று ஞாபகம் வரும். போனை எடுத்தால் கண் டாக்டரிடம் நேரம் வாங்கவில்லையே என்று தோன்றும். பதினொரு மணி வரை ஒன்றும் நகரவில்லை.

கடைசியில் ஒரு தாளை எடுத்து, 15 நிமிடம் டைமர் வைத்து, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டினேன். ‘குழாய் சொட்டுகிறது’ என்பதும் ‘அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் என்ன செய்வது’ என்பதும் அடுத்தடுத்த வரிகள். பத்தாவது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது போலிருந்தது. ஆனாலும் பேனாவை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே உறுத்திக்கொண்டிருந்த இரண்டு விஷயங்கள் அதற்கப்புறம்தான் வந்தன. மொத்தம் 41 வரி.

பார்த்ததும் பயம் இன்னும் கூடியது. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் தாளைத் தூக்கிப் போடுவேன். இந்த முறை ஒவ்வொரு வரியிலும் நின்று, ‘இதில் நான் செய்ய ஏதாவது இருக்கிறதா?’ என்று மட்டும் பார்த்தேன். 8 வரி வெறும் கவலை. 7 வரி பிறர் பதிலுக்காகக் காத்திருப்பவை. யாரிடமிருந்து என்று ஓரத்தில் குறித்தேன். 5 வரி வீடு மாற்றத்தின் துண்டுகள், அதனால் அவற்றை ஒன்றாக்கினேன். மிச்சம் 22. அதில் இந்த வாரம் தவறினால் சிக்கலாகக்கூடியவை 6. அந்த ஆறில் மூன்றைச் சின்னச் சீட்டில் எழுதிவிட்டுப் பெரிய தாளை டிராயரில் வைத்துவிட்டேன்.

சீட்டில் இருந்தது: டாக்டருக்குப் போன் செய், காலி செய்யும் தேதியை வீட்டுக்காரருக்கு எழுதி அனுப்பு, அறிக்கையில் செலவு அட்டவணையை மட்டும் நிரப்பு. வெறுமனே ‘அறிக்கை’ என்று எழுதியிருந்தால் மறுபடியும் திணறியிருப்பேன். மூன்றும் மூன்று மணிக்குள் முடிந்தன.

இரண்டாமவர்

எனக்கு இவ்வளவு பிரிப்பதெல்லாம் ஒத்துவராதுங்க. எழுதியதும் இரண்டு நிமிட வேலைகளை முதலில் முடித்துவிடுவேன். பட்டியல் பாதியாகிவிடும், மனசும் லேசாகிவிடும்.

மூன்றாமவர்

இரண்டாமவர் சொல்வது கொஞ்சமாக இருக்கும்போது சரி. 41 வரியில் 20 வரி அப்படிச் சின்னதாக இருந்தால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரமும் சேர்ந்து காலை முழுவதும் போய்விடும். டாக்டரின் நேரம் அதற்குள் நிரம்பிவிடும். நான் திட்ட மேலாளராகப் பல வருடம் பார்த்ததில், ஒரு வேலை தாமதமானால் இன்னொருவர் அங்கேயே நின்றுவிடுவாரா என்று முதலில் பார்ப்பேன். அப்படிப்பட்டது சின்னதோ பெரியதோ, அதுதான் முதலில். சின்ன வேலைகளை மதியம் 30 நிமிடத்தில் மொத்தமாக முடிக்கலாம்.

இன்னொன்று. சீட்டு எழுதியும் ஒரு வரி மூன்று நாள் அப்படியே இருந்தால், பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை. அந்த வரிக்குள் வேறொரு வேலை ஒளிந்திருக்கும். என்னிடம் ‘உரிமத்தைப் புதுப்பி’ என்று ஒரு வரி வாரக்கணக்கில் கிடந்தது. பழைய சான்றிதழ் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருந்ததுதான் காரணம். ‘அலமாரியில் சான்றிதழைத் தேடு’ என்று மாற்றியதும் அன்றே முடிந்தது.

நான்காமவர்

நானும் தினமும் டைரி எழுதுகிறேன், கோபம் அழுகை எல்லாவற்றையும். ஆனால் ராத்திரி தூக்கம் வருவதில்லையே. இதுவும் அதே மாதிரிதானா?

மூன்றாமவர்

இல்லைங்க, இது வேறு. டைரியில் நடந்தது இருக்கும், இதில் செய்ய வேண்டியது இருக்கும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 57 இளைஞர்களைத் தூங்குமுன் 5 நிமிடம் எழுதச் சொன்னார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஒரே ஒரு இரவுதான். ஆனாலும் நாளைய வேலைகளைக் குறிப்பாக எழுதிப் பாருங்கள். பல வாரமாகத் தூக்கமே இல்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொடங்கியவர்

அந்த 8 கவலை வரிகளை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆபரேஷன் பற்றிய வரி மட்டும் ‘டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்’ என்று மாறியது. மற்ற ஏழும் டிராயரில் இருக்கின்றன.

இரண்டாமவர்

நான் கிழித்துப் போட்டுவிடுவேன்.

மூன்றாமவர்

நான் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படிப்பேன். சிலது அதற்குள் தானாகவே போயிருக்கும். சிலது வேலையாக மாறி நிற்கும்.