FHD+ ஆக்கியும் சார்ஜ் நிக்கல, 120 ஹெர்ட்ஸையும் குறைக்கணுமா?

செல்வம்: 6.8 இன்ச் அமோலெட் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி. மருந்து ரெப் வேலை, பகல் முழுக்க வெயில்லதான். காலை எட்டு மணிக்கு 100ல கிளம்பினா மதியம் மூணுக்கு 20ல நிக்குது. ரெசல்யூஷனை QHD+ல இருந்து FHD+ ஆக்கி ரெண்டு நாள் ஆச்சு, வித்தியாசமே தெரியல. அடுத்து 120 ஹெர்ட்ஸை 60 ஆக்கணுமா? ஸ்க்ரோல் வழுக்கிட்டுப் போறது பழகிடுச்சு, விட மனசு வரல.

பிரபு: FHD+லயே வைங்க. QHD+ல புள்ளிங்க கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அத்தனையும் எரியணும்னா பேட்டரி குடிக்கத்தானே செய்யும்?

மெஹர்: யூடியூப்ல 1440pய 720p ஆக்குங்க தம்பி, எனக்கு அதுலதான் தீர்ந்துச்சு.

செல்வம்: அக்கா, நான் கேக்குறது வீடியோ இல்ல, செட்டிங்ஸ்ல இருக்குற திரை ரெசல்யூஷன்.

கனகா: பிரபு, கணக்கு சரி, ஆனா பேனல்ல இருக்குற புள்ளி குறையாது. FHD+ வச்சாலும் 1440க்கு 3120 புள்ளியும் எரியும். படம் வரையுற ஜிபியுவுக்கு மட்டும்தான் வேலை குறையும். ஆர்டர் போடுற ஆப்ல அந்த மிச்சம் கண்ணுக்கே தெரியாது.

செல்வம், 120ஐக் கை வைக்கிறதுக்கு முன்னாடி டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல `Show refresh rate` போடுங்க. ஓரத்துல ஒரு எண் வரும். அசையாத பக்கத்துல விரலை எடுத்ததும் அது இறங்கினா, போன் தேவையானப்ப மட்டும்தான் 120க்குப் போகுது. இறங்காம நின்னா எந்த ஆப்னு பாருங்க. அப்புறம் ஃப்ளைட் மோட்ல, ஒரே பக்கத்தைத் திறந்து வச்சு, ஒண்ணொண்ணா மாத்தி ஒவ்வொரு மணி நேரம் ஓட விடுங்க.

செல்வம்: பார்த்துட்டேன். வாட்ஸப்ல விரலை எடுத்தா 24க்கு இறங்குது. எங்க ஆர்டர் ஆப்ல மட்டும் 120லயே நிக்குது, மேல ஒரு விளம்பரப் பட்டை ஓடிட்டே இருக்கு, அதனாலயோ?

வீட்டுக்குள்ள பிரைட்னஸை பாதியில நிறுத்தி அந்த ஆப்பையே ஓடவிட்டேன். 120ல மணிக்கு 7 சதவீதம், 60ல 6. பால்கனி வெயில்ல பிரைட்னஸ் தானா உச்சத்துக்குப் போய் 13 ஆயிடுச்சு!

கனகா: ஆமா, பட்டை நகர்ற வரைக்கும் திரை ஓயாது. ஆனா பெரிய ஓட்டை அது இல்ல, வெயில்தான். ஓஎல்இடில வெள்ளைப் பின்னணின்னா எல்லாப் புள்ளியும் முழு வெளிச்சத்துல எரியும். ஆப்ல டார்க் தீம் இருக்கா?

செல்வம்: இல்ல.

கனகா: அப்போ ஆர்டரை நிழல்ல நின்னு போடுங்க. அந்த ஆப் திறக்குறப்ப மட்டும் 60க்கு மாறுற மாதிரி ரொட்டீன் வச்சுக்கலாம், உங்க போன்ல அந்த வசதி இருந்தா. மத்த நேரம் 120 இருக்கட்டும்.

பிரபு: QHD+க்குத் திரும்பலாமா அப்போ? FHD+ல சின்ன எழுத்துல மெய்யெழுத்துப் புள்ளி கலங்கின மாதிரி தெரியுது எனக்கு.

கனகா: இந்த சைஸ்ல FHD+னா இன்ச்சுக்கு 379 புள்ளி. ஒரு அடி தள்ளிப் பிடிச்சா பல பேருக்கு அதுவே போதும். இருந்தாலும் 1080ஐ 1440 பேனல்ல நீட்டிக் காட்டுறதால ஓரம் லேசா மழுங்கும். உங்க கண்ணுக்குத் தெரியுதுன்னா QHD+ வைங்க.

மெஹர்: எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

செல்வம்: நாளைக்கு QHD+ல ஒரு பகல் ஓட்டிப் பார்த்துட்டு மூணு மணிக்கு எவ்வளவு நிக்குதுன்னு போடுறேன்.