கஜா ராத்திரி நடுவுல காத்து நின்னுச்சே, அப்போ வெளிய போனவங்க யாராவது இருக்கீங்களா?

உப்பளத்தான்: 2018 நவம்பர் 16, எல்லாருக்கும் தெரிஞ்ச ராத்திரிதான். வேதாரண்யம் பக்கம் எங்க வீடு. வடக்கேருந்து அடிச்ச காத்துல பாதி ஓடு போயிடுச்சு, அப்புறம் திடீர்னு சத்தம் அடங்குச்சு. ஓடில்லாத கூரைக்குக் கீழ சிமினி ஏத்துனோம், திரி ஆடவே இல்லங்க, நேரா நின்னு எரிஞ்சுது. பக்கத்து வீட்டு சித்தப்பா மாட்ட பாக்குறேன்னு கிளம்பிட்டாரு. கொட்டகை வரைக்கும் போகல, தெக்கேருந்து வந்துச்சு பாருங்க, முன்னாடி அடிச்சதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சு. மனுஷன் தொட்டி மறைவுல விடியுற வரைக்கும் குப்புற கிடந்தாரு. புயலோட நட்ட நடுவுல காத்தே இல்லாம எப்படி?

தஞ்சை மணி: நடுவுலதான் அழுத்தம் ரொம்ப கம்மி ப்ரோ. காத்தெல்லாம் அங்க வந்து மேல ஏறிடுது, அதான் கீழ அமைதி.

மாலுமி: அழுத்தம் கம்மிங்கறது சரி தம்பி, ஆனா காத்து நடுவு வரைக்கும் வர்றதே இல்ல. கயித்துல கல்ல கட்டி சுத்திக்கிட்டே கயித்த இழுத்து பாருங்க, கல்லு வேகம் எடுக்கும்ல, அதே மாதிரி உள்ள வர வர காத்து சுத்துற வேகம் ஏறும், ஏற ஏற வெளிய பிச்சுக்கிட்டு போகப் பாக்கும். ஒரு எடத்துக்கு மேல அழுத்த வித்தியாசத்தால அத உள்ள இழுக்க முடியாது. அங்கேயே சுத்திக்கிட்டு மேல ஏறிடும், அந்த வளையந்தான் கண்சுவர். காத்து அடிக்கிறது அழுத்தம் கம்மியா இருக்கறதால இல்ல, பக்கத்து பக்கத்துல வித்தியாசம் இருக்கறதால. சுவர்ல அந்த வித்தியாசம் செங்குத்தா இருக்கும், கண்ணுக்குள்ள கிட்டத்தட்ட சமமாயிடும், அப்புறம் எது தள்ளும்? மேல போனதுல கொஞ்சம் கண்ணுக்குள்ள கீழ இறங்கி சூடாகி மேகத்த கரைக்கும். பசிபிக்ல ஒரு டைஃபூன்ல எங்க கப்பல் கண்ணுக்குள்ள மாட்டுச்சு. மேல நீல வானம், கீழ அலை நாலு பக்கமும் வந்து ஒண்ணோட ஒண்ணு மோதி கூம்பு மாதிரி எழும்புது. காத்து நின்னாலும் கடல் நிக்காது.

வேளச்சேரி அக்கா: 2016 டிசம்பர் 12 வர்தா. எங்களுக்கும் சாயங்காலம் நின்னுச்சு, மாடியில போய் எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. ஆனா வானம் வெளுக்கவே இல்லையே, அப்போ அது கண்ணே இல்லையா?

மாலுமி: வானத்த வச்சு சொல்ல முடியாதும்மா. கரைய தொட்டதும் புயல் தளரும், கண்ணுக்குள்ளயும் மேகம் அடைச்சுக்கும். நின்னப்புறம் காத்து எந்த திசைல வந்துச்சு?

வேளச்சேரி அக்கா: ஞாபகம் இல்லங்க. முன்னாடி பால்கனி பக்கம் அடிச்சுது, அப்புறம் சமையக்கட்டு ஜன்னல் உடைஞ்சுது.

பட்டுக்கோட்டை தோப்பு: மணி சொன்னதையே எல்லாரும் நம்பாதீங்க. தென்னை போனதுக்கும் காரணம் இதுதான், வடகாத்துல வேர் ஒரு பக்கம் இளகிடுச்சு, தென்காத்து வந்து சாய்ச்சிடுச்சு. இனிமே கேட்டுக்கங்க, புயல் விலகிப் போகுதுன்னா காத்து மெல்ல மெல்லதான் குறையும். சில நிமிஷத்துல பட்டுன்னு நின்னா அது கண்ணு. 30 கிலோமீட்டர் அகலக் கண்ணு மணிக்கு 20 கிலோமீட்டர்ல நகர்ந்தா, நட்ட நடுவுல இருக்கறவனுக்கே ஒன்றரை மணிதான், ஓரத்துல இருக்கறவனுக்கு பத்து நிமிஷம் கூட இருக்காது. முன்ன காத்து அடிச்ச பக்கத்து அறைய விட்டுட்டு எதிர்பக்க ஜன்னல சாத்துங்க, மாட்ட அவுத்து விடறதுன்னா முதல் காத்துக்கு முன்னாடியே அவுத்துடுங்க.

உப்பளத்தான்: மாடு தப்பிச்சுது அண்ணே. கொட்டகைதான் வடக்கு பக்கமா போய் கிடந்துச்சு.