பள்ள வேலைக்கு வரும் புதியவர்களிடம் முதல் நாள் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். கோவையில் ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். அடுத்த வாரம் கழிவுநீர்க் குழாய்க்காக 2.5 மீட்டர் ஆழத்தில் பள்ளம் தோண்டப் புதிதாகப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்கான அறிமுக உரையைச் செம்மைப்படுத்த உங்கள் உதவி தேவை.

இதுவரை எழுதியது இது: "இடுப்பளவு மண் சரிந்தாலும் உங்களால் தானாக வெளியே வர முடியாது, ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை இருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில், பக்கச் சுவர்களுக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். விளிம்பை ஒட்டி நீளமாக விரிசல் கண்டாலோ, சுவரில் நீர் கசிந்தாலோ, கடப்பாரையை அங்கேயே போட்டுவிட்டு ஏணி வழியாக மேலே வாருங்கள். மேஸ்திரியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்."

கடைசி வரிதான் எனக்குச் சிக்கல். கூலி பிடிப்பார்களோ என்ற பயத்தில் புதியவர்கள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். சென்ற மழைக்காலத்தில் ஒருவர் விரிசலைப் பார்த்தும் உணவு இடைவேளை வரை வாய் திறக்கவில்லை. இந்தப் பயத்தைப் போக்க எப்படிச் சொல்வது? தமிழ் தெரியாத நால்வருக்குப் புரிந்ததா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்? தலையாட்டுவதை நான் நம்புவதில்லை.